கடலும் ரம்பமும் சேர்ந்தால் நன்றி

என் முதல் பாதியில் குளித்தால் உடம்பெல்லாம் உப்பு. என் இரண்டாம் பாதி தச்சர் கையில் இருக்கும், மரத்தை அறுக்கும். இரண்டு பாதியும் சேர்ந்த என்னை, யாராவது உங்களுக்குப் பரிசு கொடுத்தால் நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள். நான் யார்?

தமிழில் எவ்வளவு யோசித்தாலும் விடை வராது. பிரெஞ்சில் கடலுக்கு மெர் என்று பெயர். ரம்பத்துக்கு ஸி. சேர்த்துச் சொல்லுங்கள்: மெர்ஸி. நன்றி.

பிரான்ஸில் 7, 8 வயதுப் பிள்ளைகள் பள்ளியிலும் சாப்பாட்டு மேசையிலும் ஒருவரையொருவர் மடக்கும் விடுகதை இது. இதற்கு ஷராத் என்று பெயர். அமைப்பு எப்போதும் ஒன்றுதான். ‘மோன் ப்ரெமியே’ என்று தொடங்கி முதல் துண்டுக்கு ஒரு குறிப்பு. ‘மோன் ஸெகோன்’ என்று இரண்டாவது துண்டுக்கு ஒன்று. கடைசியில் ‘மோன் தூ’ என்று முழுச் சொல்லுக்கு ஒன்று. என் முதலாவது, என் இரண்டாவது, என் முழுசு; அவ்வளவுதான். துண்டுகள் மூன்றோ நான்கோ ஆனால் ‘ஸெகோன்’ போய் ‘தெஸியேம்’ வரும். இரண்டே இருக்கும்போதுதான் ‘ஸெகோன்’ என்பது பழைய ஆசிரியர்களின் பிடிவாதம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். படித்த சொற்களைத் திரும்பப் பார்க்க என்னென்னவோ விளையாட்டுகளைச் செய்து பார்த்திருக்கிறேன். கடைசியில் என் கையில் தங்கியது இந்த ஷராத்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். பிரெஞ்சுச் சொற்களை இங்கே காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். சொல் முடிவில் வரும் ன் பெரும்பாலும் முழு ன் அல்ல; நாக்கு மேலே தொடாமல் மூக்கோடு நின்றுவிடுகிற ஒலி. ழ வருகிற இடத்தில் நம் ழ அல்ல, ஷ என்பதைத் தொண்டை அதிரச் சொன்னால் வருவது. பொன்ழூர் என்று எழுதுகிறோமே, அந்த ழ.

ஷராத் என்ற சொல்லுக்குத் தெற்குப் பிரான்ஸின் ஆக்ஸிதான் மொழியில் அரட்டை என்று பொருள். விளையாட்டாக அது புகழ் பெற்றது 18ஆம் நூற்றாண்டில், குழந்தைகளிடம் அல்ல, பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளில். 1672இல் தொடங்கிய மெர்க்யூர் காலான் என்ற பத்திரிகை வாசகர்களுக்குப் புதிர் போட்டு வந்தது. பின்னால் மெர்க்யூர் தெ பிரான்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. ஒரு இதழில் புதிர், அடுத்த இதழில் விடை. நம் வார இதழ்களின் குறுக்கெழுத்துக்காரர்களுக்கு அவர்கள் மூத்தவர்கள்.

நம்மிடம் இதுபோல இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. ‘நான் மூன்றெழுத்து, வெளிச்சம் தருவேன், நடுவெழுத்தை எடுத்தால் கடிப்பேன்’ என்றால் விடை பகல், நடுவில் இருக்கும் க போனால் பல். இது எழுத்தை வெட்டி ஒட்டும் விளையாட்டு. தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறையக் கைகோத்து நடப்பதால் எழுத்தை வெட்டினாலே போதும். எழுத்தை மாற்றி விளையாடும் புதிர் பிரெஞ்சிலும் உண்டு, லொகொக்ரிஃப் என்பார்கள். ஆனால் குழந்தைகளிடம் நிலைத்தது அது அல்ல. ஒலியை வெட்டும் ஷராத்தான் நிலைத்தது. பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் விளையாட இடம் இருக்கிறது.

இடைவெளி எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு சான்று. வெர் என்று ஒரு ஒலி. எழுத்தை மாற்றி மாற்றி எழுதினால் அதுவே கண்ணாடி, பச்சை, புழு, ‘நோக்கி’ என்ற திசைச்சொல், கடைசியாக வெளிர்சாம்பல் அணிலின் மென்மயிர்த் தோல். ஐந்து சொல், ஐந்து எழுத்துக்கூட்டு, ஒரே உச்சரிப்பு. 1697இல் ஷார்ல் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லா கதையில் அவள் காலில் இருப்பது கண்ணாடிச் செருப்பு. கண்ணாடியில் யார் செருப்பு போடுவார்கள், அது அணில்தோல் செருப்பாகத்தான் இருந்திருக்கும், காதில் கேட்டவர் தவறாக எழுதிவிட்டார் என்று பின்னாளில் பால்ஸாக் வாதாடினார். பெரோ எழுதியது கண்ணாடிதான். ஆனாலும் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

ஆறு மாதம் பிரெஞ்சு படித்த ஒரு பெண், எட்டு வயது, நன்றாகப் படிப்பவள். அந்த வாரம் கோட்டை, அரண்மனை என்று ஒரு பாடம் நடத்தியிருந்தேன். நானும் அவசரத்தில் ஒரு ஷராத் தயாரித்துக்கொண்டு போனேன். ‘என் முதலாவது மியாவ் என்று கத்தும். என் இரண்டாவதைக் குடிப்போம். என் முழுசில் ராஜா வசிப்பார்.’ பூனை என்பது ஷா. தண்ணீர் என்பது ஓ. அரண்மனை ஷாத்தோ. நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால் பூனையின் நான்கு எழுத்தும் தண்ணீரின் மூன்று எழுத்தும் அப்படியே ஒட்டி அரண்மனை ஆகிவிடும். ஆ-வின் தலையில் ஒரு கூரைக்குறி மட்டும் கூடும். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெண் உடனே கையைத் தூக்கி விடை சொன்னாள். மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். அவர்களில் ஒரு பையன், எழுத்தில் சுமார்தான், ‘ஷா, ஓ... ஷாஓ. அப்படி ஒரு சொல் இல்லையே மிஸ்’ என்றான். அவன் சொன்னதுதான் சரி. பூனையின் கடைசி எழுத்தான ‘த்’ எழுதத்தான் இருக்கிறது, சொல்ல இல்லை. ஷா என்பதோடு ஓ சேர்த்தால் ஷாஓ தான் வரும், ஷாத்தோ வராது. முதலில் கை தூக்கியவள் காதால் கண்டுபிடிக்கவில்லை, கண்ணால் கண்டுபிடித்தாள். அவளை ‘பூனை’ என்று பிரெஞ்சில் சொல்லச் சொன்னேன். ‘ஷாத்’ என்றாள். ஆறு மாதமாக அந்தச் சொல்லை அப்படித்தான் மனத்தில் வைத்திருக்கிறாள். எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு முறையும் முழு மதிப்பெண் வாங்கியதால் எனக்கும் தெரியவில்லை.

பிரெஞ்சுக் குழந்தைகள் சொல்லும் ஷராத்தில் அரண்மனை இப்படிப் பிரியும்: ஷா, தோ. இரண்டாவது துண்டு தண்ணீர் அல்ல. ‘தாமதம் என்பதன் எதிர்ச்சொல்’ என்று குறிப்பு வரும். சீக்கிரம் என்பதற்குத் தோ. பூனையும் சீக்கிரமும் சேர்ந்தால் அரண்மனை. எழுத்தில் ஒட்டாது, காதில் கச்சிதமாக ஒட்டும்.

அதே தண்ணீர் இன்னொரு சொல்லில் ஒழுங்காக ஒட்டும். மேசை தாப்ல், அதோடு ஓ சேர்ந்தால் தாப்லோ, கரும்பலகை. மேசையின் கடைசி ல் வாயில் நிஜமாகவே ஒலிப்பதால் அடுத்து வரும் ஓ அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பூனையில் ஏற ஒன்றுமில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சொல்லின் இறுதியில் எந்த மெய் பேசும், எது ஊமை என்பது குழந்தைக்கு விதி சொல்லாமலே விளங்கிவிடுகிறது. பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் இதற்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகும் விதிவிலக்குப் பட்டியல் தரும்.

ஷராத் என்ற இந்த ஒரே விளையாட்டு பிரான்ஸில் ஒரு பாடம் நடத்துகிறது, நம் ஊரில் அதற்கு நேர் எதிரான பாடம் நடத்துகிறது. பிரெஞ்சுக் குழந்தைக்கு ஷாத்தோ என்ற ஒலி மூன்று வயதிலேயே தெரியும். கதை கேட்டு வளர்ந்தது. அதற்குத் தெரியாதது எழுத்து. ஆகவே அங்கே ஆசிரியர் விடை வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்: பூனை, சீக்கிரம், அரண்மனை மூன்றையும் எழுதச் சொல்வார். மூன்றிலும் எங்கே ஊமை எழுத்து, ஓ என்ற ஒரே ஒலியை எத்தனை விதமாக எழுதியிருக்கிறோம் என்று பார்ப்பார்கள். அங்கே ஷராத் எழுத்துக்கூட்டுப் பயிற்சி. நம் குழந்தைக்கு எழுத்து தெரியும், பக்கத்தைப் பார்த்துப் படித்தது. தெரியாதது ஒலி. இங்கே ஷராத் உச்சரிப்புப் பயிற்சி. சொல் கண்ணில் இருக்கிறதா காதில் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் சோதனை வேறெதையும் நான் இவ்வளவு மலிவாகப் பார்த்ததில்லை. தேவைப்படுவது ஒரு வாய், ஒரு காது.

அதனால்தான் ஷராத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடக் கூடாது என்பேன். எழுதிப் போட்டால் அது எழுத்துப் புதிர் ஆகிவிடும். இரண்டு முறை நிதானமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதலில் துண்டுகளை உரக்கச் சொல்ல வேண்டும், முழுசுக்குத் தாவக் கூடாது. ‘ராஜா வசிப்பார்’ என்ற கடைசிக் குறிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு விடைக்கு ஓடுவது எளிது. அப்படி ஓடினால் பூனையும் சீக்கிரமும் நினைவில் புரளாமலே கிடக்கும். என் வகுப்பில் துண்டுகளுக்கு ஆளுக்கொரு மதிப்பெண், முழுசுக்கு ஒன்றுதான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. அதை எனக்குக் காட்டியது இரண்டு சொற்கள். தொப்பி ஷாப்போ: பூனையும் தோலும். காகம் கோர்போ: உடலும் அழகும். தோலுக்கும் போ, அழகுக்கும் போ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பிரெஞ்சில் ஒன்று ‘பல்’லில் வரும் ப, மற்றது ‘கம்பம்’ என்பதில் வரும் ப. பாதிப் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வார்கள். நானும் படிக்கும்போது அப்படித்தான் செய்தேன். அந்த ஓரக்குறிப்பில் தோலும் அழகும் கலந்துவிடும். ‘சீக்கிரம்’ என்ற தோவும் ‘முதுகு’ என்ற தோவும் கலந்துவிடும். சோறும் முதுகும் சேர்ந்தால் திரைச்சீலை, ரிதோ. இதில் தோவை வல்லெழுத்தாக அழுத்திச் சொல்கிற பையனிடம் ‘உன் சன்னலில் முதுகு தொங்கவில்லை, சீக்கிரம்தான் தொங்குகிறது’ என்றேன். அதற்குப் பிறகு அவன் தப்பவில்லை.

ஓரக்குறிப்பு தரும் வேடிக்கையும் உண்டு. ரொட்டிக்குப் பிரெஞ்சில் பேன். தலையில் ஊரும் பேனுக்குப் பிரெஞ்சில் பூ. இதைக் கேட்ட வகுப்பு பத்து நிமிடம் அடங்காது, அடங்க வைக்கவும் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு சொல்லும் ஆயுளுக்கும் பதிந்துவிடும். அந்தப் பூவோடு ‘அழகி’ என்ற பெல்லைச் சேர்த்தால் பூபெல், குப்பைத் தொட்டி. சிரித்து முடித்ததும் உண்மைக் கதையையும் சொல்லலாம்: பாரிஸ் வீடுகள் மூடி போட்ட தொட்டியில்தான் குப்பையை வெளியே வைக்க வேண்டும் என்று 1880களில் ஆணையிட்ட நகர அதிகாரியின் பெயர் எழேன் பூபெல். அவர் பெயரே தொட்டிக்குப் பெயராகிவிட்டது. பேனுக்கும் அழகிக்கும் அதில் எந்தத் தொடர்பும் இல்லை. ஷராத்தின் வெட்டு சொல்லின் வரலாற்றைக் காட்டுவதில்லை என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. வரலாறு ஒட்டும் இடத்தில் ஒலி ஒட்டாமல் போகும். வினிகர் பிரெஞ்சில் வினேக்ர். அது உண்மையாகவே ‘புளித்த ஒயின்’ என்ற இரண்டு சொல்லால் ஆனது: வேன், ஏக்ர். ஆனால் ஷராத்தாகக் கேட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தனியாக நிற்கும்போது மூக்கில் ஒலிக்கும் வேன், ஏக்ர் என்பதோடு ஒட்டும்போது மூக்கொலியை இழந்து சாதாரண வின் ஆகிவிடுகிறது. புத்தகத்தைப் பார்த்து ஷராத் தயாரிக்கும் ஆசிரியர்கள் விழும் குழி இது. நானும் விழுந்தேன்.

ஆகவே தயாரிப்பதற்கு என் வழி இது. திரும்பப் பார்க்க வேண்டிய சொற்களின் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன், பன்னிரண்டு பதினைந்து இருக்கும். ஒவ்வொன்றையும் தாளைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்கிறேன். பிரெஞ்சில் மெய் அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கமுள்ளது. வெட்டும் அப்படித்தான் விழ வேண்டும். முழங்கால் என்பது ழெனூ. அது ழெ, நூ என்று விழுகிறது, நானும் நாங்களும்! தன்மை இடப்பெயர் இரண்டும் ஒரே முழங்காலில். கால்சட்டை பாந்தலோன்: பான், தலோன், மயிலும் குதிகாலும். மயிலை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ‘பாவோன்’ என்று சொல்வார்கள். இந்த ஷராத் அவர்களை ஒரே நொடியில் பிடித்துவிடும். பாலாடைக்கட்டி ஃப்ரொமாழ்: எப்படி வெட்டினாலும் முதல் துண்டுக்குப் பொருள் இல்லை. விட்டுவிடுகிறேன். இழுத்துப் பிடித்து ஒட்டவைத்த ஷராத்தில் குழந்தை தோற்றால் தவறு குழந்தையுடையது அல்ல. பட்டியலில் மூன்றில் ஒன்று தேறினால் அது நல்ல அறுவடை.

அடுத்தது துண்டுகள். முழுச் சொல் புதியதாக இருக்கலாம், துண்டுகள் பழையவையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குதிகால் தெரியாதென்றால் மயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? உடல் உறுப்புப் பாடத்துக்கும் சாப்பாட்டுப் பாடத்துக்கும் இங்கே தனி மதிப்பு. தோல், முதுகு, உடல், கழுத்து, சோறு, ரொட்டி, தண்ணீர் எல்லாம் பிரெஞ்சில் ஓரசைச் சொற்கள். ஓரசைச் சொல்தான் ஷராத்துக்குச் செங்கல். கழுத்தும் சீக்கிரமும் கத்தி, கூத்தோ. ரொட்டியும் வாளியும் தூரிகை, பேன்ஸோ. முந்நூறு சொல் படித்த பிள்ளைக்கு இப்படி இருபது முப்பது ஷராத் தேறிவிடும்.

குறிப்பு எழுதும்போது பெரியவர்கள் செய்யும் தவறு, விடையைவிடக் குறிப்பைக் கடினமாக்குவது. வாளிக்கு ‘நீர்மப் பொருளைக் கொண்டுசெல்ல உதவும் கலன்’ என்று அகராதியிலிருந்து எடுத்துப் போட்டால் யாருக்கும் பயனில்லை. எனக்கு மூன்று வாய்பாடு போதும். ‘இது ஒரு மிருகம், அது...’ என்று தொடங்குவது ஒன்று. ‘...க்கு எதிர்ச்சொல்’ என்பது இரண்டு. ‘...க்குப் பயன்படும்’ என்பது மூன்று. பிரெஞ்சில் ‘ஸெர் ஆ’ என்று சொல்லிவிட்டு ஒரு வினைச்சொல்லை வைக்க வேண்டும். ஒரு மாதம் இதே மூன்றில் ஓடினால் பிள்ளைகள் அந்த வாக்கிய அமைப்புகளையும் தெரியாமலே கற்றுக்கொள்கிறார்கள். பிறகு தாங்களே ஷராத் எழுதச் சொன்னால் கைவராதது எதுவும் இருக்காது.

அப்படி அவர்கள் எழுதும் நாள்தான் உண்மையான மீள்பார்வை. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, புத்தகத்தைத் திறந்துகொள்ளச் சொல்வேன். இருபது நிமிடத்தில் ஒரு ஜோடி இரண்டு ஷராத் எழுதினால் அதிகம். அந்த இரண்டுக்காக அவர்கள் நாற்பது ஐம்பது சொற்களை வாயில் போட்டு மென்றிருப்பார்கள். போன வாரம் இரண்டு பையன்கள் செம்மறியாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்: மூ, தோன். முதலாவது ‘கடினம் என்பதன் எதிர்ச்சொல்’, மென்மை. இரண்டாவது ‘கடலில் வாழும் பெரிய மீன்’, சூரை. சேர்ந்தால் மூத்தோன். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழுந்ததால், அன்றிலிருந்து வகுப்பில் மூத்த பையனுக்குச் செம்மறி என்று பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஷராத்தால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அது சிறிய குறை அல்ல. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். ஷராத் சொல்லைத் தனியாகக் கேட்பதால் பாலை உதறிவிடுகிறது. அதுமட்டுமல்ல, சில சமயம் தவறாகவும் காட்டிவிடும். தங்கம் ஓர், தேவதை ஆன்ழ், இரண்டும் சேர்ந்தால் ஓரான்ழ், ஆரஞ்சு. தங்கம் ஆண்பால், தேவதை ஆண்பால். கடைசிக் குறிப்பாக ‘என் முழுசு ஒரு பழம்’ என்போம். பழம் என்ற சொல்லும் ஆண்பால். இத்தனை ஆண்களுக்கு நடுவில் ஆரஞ்சு மட்டும் பெண்பால். ஷராத்தில் கற்ற பிள்ளை ‘அன் ஓரான்ழ்’ என்றுதான் சொல்லும். சரி ‘யுன் ஓரான்ழ்’. எலியும் இப்படித்தான்: பழைய செப்புக் காசான ஸூவும் சோறும் சேர்ந்து ஸூரி, இரண்டு துண்டும் ஆண், எலி பெண். ஆகவே அன், யுன் சேர்க்காமல் சொல்கிற விடையை நான் விடையாகவே ஏற்பதில்லை. முதலில் முணுமுணுப்பார்கள். பழகிவிடும்.

பிரான்ஸிலேயே ஊருக்கு ஊர் காது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸில் திறந்த ஓ, மூடிய ஓ என்று இரண்டு வகை தனித்தனியாகக் கேட்கும்; மார்செய் பக்கம் பல சொற்களில் அந்த வேறுபாடு இல்லை. உள்ளங்கையும் ஆப்பிளும் வடக்கில் வேறு வேறு ஒலி, தெற்கில் ஒன்றே. தெற்கத்திக்காரர் தயாரித்த ஷராத் வடக்கில் ஒட்டாமல் போகலாம். அச்சிட்ட தொகுப்பிலிருந்து எடுப்பவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

வேறு விளையாட்டே இல்லையா என்றால், இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பாந்த்யு’ என்ற தூக்குமர விளையாட்டு எல்லா வகுப்பிலும் நடக்கும்: கோடுகளைப் போட்டு எழுத்து எழுத்தாக ஊகிப்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொருளே தெரியாமல் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். ஒலிக்கும் அதில் வேலையில்லை. ‘பெத்தி பாக்’ அதைவிட மேல்: ஓர் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் மிருகம், பழம், நாடு, தொழில் என்று நிரப்ப வேண்டும், பிறர் எழுதாததை எழுதினால் இரட்டை மதிப்பெண். ஆனால் ஆ என்றதும் எல்லாரும் அன்னாசியையே எழுதுவார்கள், வருடம் முழுக்க. முந்தைய சொல்லின் கடைசி அசையில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சங்கிலி விளையாட்டும் பிரெஞ்சுக் குழந்தைகளிடம் உண்டு. அந்தாதி கேட்டு வளர்ந்த நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஷராத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்கது ‘திருவாளர் திருமதி இன்னாருக்கு ஒரு மகன், அவன் பெயர் என்ன’ என்ற கேள்வி. திருவாளர் திருமதி தேரியருக்கு இரண்டு மகன்கள். பெயர்கள் ஆலேன், ஆலெக்ஸ். அதில் என்ன வேடிக்கை? குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ஆலேன் தேரியர் என்றால் ‘உள்ளே’. ஆலெக்ஸ் தேரியர் என்றால் ‘வெளியே’. இடத்தைக் குறிக்கும் தொடர்களைப் பிள்ளைகள் மறந்துகொண்டே இருப்பார்கள். இந்த இரண்டு பையன்களைச் சந்தித்த பிறகு ஒருவர்கூட மறந்ததில்லை. பிரான்ஸில் 1954இலிருந்து விற்கும் காராம்பார் என்ற நீள மிட்டாயின் உறைக்குள் இப்படிப்பட்ட கடிகளை அச்சடிப்பார்கள். நம்மூரில் கடி ஜோக் என்று சொல்வதற்கு அங்கே மிட்டாயின் பெயரே அடைமொழி. 2013இல் இனிமேல் உறையில் கடி வராது என்று அந்த நிறுவனம் அறிவித்ததும் நாடே கொந்தளித்தது. சில நாளில், அதுவும் ஒரு கடிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஷராத்தைப் படமாகப் போடலாம். ஒரு பூனை, ஒரு கூட்டல் குறி, ஒரு கை தோலைக் கிள்ளுகிற படம், விடை தொப்பி. பிரெஞ்சில் இதற்கு ரெப்யு என்று பெயர். இதிலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: படத்தைப் பார்த்து எந்தச் சொல் வாயில் வரும்? சோற்றுப் படம் போட்டால் சோறு என்பார்களா, தட்டு என்பார்களா, சாப்பாடு என்பார்களா என்று முதலில் வீட்டில் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.

வீட்டில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று இரவு இதைக் கேளுங்கள். என் முதலாவது சரிகம வரிசையில் பிரெஞ்சுக்காரரின் ஆறாவது சுரம். என் இரண்டாவதை பேக்கரியில் வாங்குவோம். என் முழுசுக்கு நீண்ட காது, கேரட் என்றால் உயிர். ‘லாப்பேன்’ என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘அன் லாப்பேன்’ என்று வர வேண்டும். முயல், ஆண்பால்.